தைலக் கடைக்காரரின் நடை

அந்தத் தைலக் கடைக்காரர் மகனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது. என் வேலையை வாயாரப் பாராட்டிய முதல் ஆள் அவன்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு மாடி ஸ்டூடியோவில் கேபிள் டிவிக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தோம். கார்ட்டூன் வரைய நான் ஒருத்தி மட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூட்டுவலித் தைலம் விற்கிற ஒரு பெரியவர் மகனோடு வந்தார். ஒரு தாத்தா தெருவில் நடந்து வந்து கடையில் தைலம் வாங்க வேண்டும், கதை அம்புட்டுத்தான்.

எங்கள் முதலாளி கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர். "கெழவன்னா கூனு போடு, கையி நடுங்கட்டும். நடைய ஸ்லோ மோஷன்ல விடு, முடிஞ்சுபோச்சு" என்றார்.

எங்கே முடிந்தது? வாலிபன் நடக்கிற படங்களையே ஒவ்வொன்றும் கூட நேரம் நிற்கிற மாதிரி விட்டால் கிழவன் வரமாட்டான், தண்ணீருக்குள் நடக்கிறவன்தான் வருவான். எடுத்து வைக்கிற எட்டு குட்டையாக வேண்டும். பாதம் தரையை விட்டு எழும்பியும் எழும்பாமலும் வர வேண்டும். முட்டி முழுசாக நிமிரக்கூடாது. தலை முன்னால் வந்து தரையைப் பார்க்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் அந்த மனுஷன் மண்டையில் ஏறவில்லை.

பெரியவர் கடைக்குப் போய்த் தைல பாட்டிலைப் பார்த்து வரைய வேண்டியிருந்தது. அங்கேதான் அவர் நடையைக் கவனித்தேன். கம்பு முதலில் போகும். கூடவே வலிக்கிற காலும் போய்த் தட்டையாக ஊன்றும். பிறகு ஒரு நிதானம். ரெண்டு காலும் தரையில் இருக்கும், உடம்புப் பாரம் மட்டும் மெல்ல முன்னால் நகரும். அது நின்ற பிறகுதான் பின்கால் வந்து பக்கத்தில் சேரும். அப்படியே உள்ளறைக்கும் கல்லாவுக்குமாக நாள் முழுக்க வியாபாரம் பார்த்தார். ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை.

அடியில் விளக்கு எரிகிற லைட் பாக்ஸில் தாளை வைத்து அதை வரைந்தேன். முகம் வேறு, மீசை வேறு. நடை மட்டும் அவருடையது. அந்த நிதானம் வருகிற இடத்தில் கிழவன் பொம்மை மாதிரி உறைந்துவிடாமல், இடுப்பு லேசாக இறங்கி, தலை கொஞ்சம் தாழ்கிற மாதிரி சின்னச் சின்ன வித்தியாசத்தில் படங்கள் போட்டேன்.

போட்டுக் காட்டினோம். பெரியவர் டிவியை உற்றுப் பார்த்தார். மகன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அப்பா, இது நீங்கதாம்பா! அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு. இப்பமாச்சும் தெரியுதா எம்புட்டுத் தளந்துட்டியன்னு? கடைய எங்கிட்ட விட்டுட்டு வீட்ல இருங்கன்னா கேக்கியளா?"

பெரியவர் முகம் சுருங்கிப் போயிற்று. "நாந் தளந்துட்டனா தாயி?" என்று என்னைக் கேட்டார். கடைதான் அவர் உயிர் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்லாப் பாருங்க. அவிய நிக்கது ஏலாமயில்ல, விழாம இருக்கதுக்கு. இந்த நிதானம் இல்லாட்டித்தான் பயப்படணும்" என்று மகனிடம் கத்தினேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? ஒரு கோடு மாத்தாத. அப்பிடியே ஓடட்டும்" என்றான்.

"வேண்டாம், நான் வேற நட போடுதேன்" என்றேன். முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு, "நாந்தான் சார் அவியளப் பாத்து வரையச் சொன்னேன்" என்றார். பொய்! கூன் போடச் சொன்ன வாய்தானே அது? டேப் கேபிள்காரனிடம் போய்விட்டது.

விளம்பரம் ஓடி ஓடி ஊருக்கே மனப்பாடம். சில மாதம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவில் மகன் இருந்தான். பெரியவரை விசாரித்த ஒரு அம்மாவிடம், "அவியளால முன்ன மாதிரி ஏலல. டிவில பாத்தியல்லா?" என்றான். அந்த அம்மாவும் உச்சுக்கொட்டியது.

நான் தைலம் கேட்ட சத்தம் காதில் விழுந்தோ என்னவோ, உள்ளறையிலிருந்து பெரியவர் வந்தார். அதே கம்பு, அதே நடை. ஒன்றும் தளரவில்லை. கம்பையும் காலையும் ஊன்றி, பாரத்தை மாற்ற நிதானித்தார். அந்த நேரத்தில் மகன், "ஏலே, அப்பாவுக்குச் சேர் போடு, விழுந்துரப் போறாக" என்று கத்தினான். கடைப் பையன் ஓடிவந்து பின்னால் நாற்காலியைப் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

பின்காலை மட்டும் சேர்த்திருந்தால் போதும், இன்னும் ரெண்டு எட்டில் கல்லாவுக்கு வந்திருப்பார்.