அரிசி மண்டியில் காலைத் தூக்கியவன்

அதை முதலில் கண்டுபிடித்தது ஒரு வாடிக்கையாளர். பொன்னி அரிசி வாங்க வந்த அந்த அம்மா ஒரு மூட்டையின் கீழ்முனையைக் காட்டி, "இன்னாம்மா இது, ஈரமா இருக்குது?" என்று கேட்டார். நான் குனிந்து தொட்டு விரலை மோந்து பார்த்தேன். நாய் மூத்திரம். அந்த அம்மா பையை மடித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

செஞ்சி பஜாரில் எங்களுடையது அரிசி மண்டி. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். முன்கட்டில் கடை, பின்கட்டில் வீடு. அம்மா இறந்தபிறகு நைனாவும் நானும்தான். புருஷன் அடி தாங்காமல் திண்டிவனத்திலிருந்து நான் திரும்பி வந்தபோது நைனா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிப் போய், நடுத்தெருவில் வைத்து அவனை அடித்தார். அவனுக்கு இரண்டு பல் போயிற்று. அதன்பிறகு யாரும் என்னைத் தேடி வரவில்லை. அந்த வருஷம்தான் தெருவில் கிடந்த குட்டியை நான் எடுத்து வந்தேன். நாட்டு நாய், செம்மண் நிறம், ஆண். நைனாவும் அவனை மடியில் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தவர்தான்.

மூன்று வயதுவரை அவன் வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்ததில்லை. அந்த ஐப்பசியில் எல்லாம் மாறியது. எங்கள் தெருப் பெட்டை ஒன்று பருவத்துக்கு வந்தது. ஊர் ஆண் நாய்கள் எல்லாம் எங்கள் ஷட்டருக்கு முன்னால் கூடி, கடித்துக் குதறிக்கொண்டன. ஒன்றின் காது தொங்கிப்போய் ரத்தம் படிக்கட்டில் சொட்டியது. இவன் உள்ளேயிருந்து ஷட்டரைப் பிறாண்டினான். சோறு தின்னவில்லை. தலையணை, சுருட்டி வைத்த மெத்தை, நைனாவின் கால் என்று எதைக் கண்டாலும் ஏறினான். மூட்டைகளின் முனையில் காலைத் தூக்கி இரண்டு சொட்டு, மூன்று சொட்டு விட்டான்.

நைனா முதலில் கையால் அடித்தார். பிறகு தண்ணீர் பைப்பால். அவன் தரையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே மூத்திரம் விட்டான்.

"பாரு, அடிக்க அடிக்க மூத்திரம் அடிக்கிறான். இன்னா கொழுப்பு பாரு!" என்று நைனா இன்னும் ஓங்கினார்.

நான் பினாயில் ஊற்றிக் கழுவினேன். மறுநாளும் அதே இடத்தில் ஈரம் இருந்தது. நைனா பார்க்கும்போது அவன் காலைத் தூக்குவதில்லை. அவர் டீக்கடைக்குப் போனதும் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவான். நனைந்த மூட்டையையெல்லாம் மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள். மேல்சித்தாமூரிலிருந்து கல்யாண அரிசி வாங்க வந்த ஒரு பெண் மாதிரி பார்ப்பதற்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பின்கட்டுக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. இவன் பாய்ந்து வந்து, உட்கார்ந்திருந்தவளின் முதுகில் முன்னங்காலைப் போட்டு இடுப்பை ஆட்டத் தொடங்கினான். அவள் அலறிக்கொண்டு அரிசியின்மேல் விழுந்தாள். அவளுடைய புருஷன் நாயின் விலாவில் உதைத்தான். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னா மொதலாளி, வயசுப் பையனுக்கு ஒரு பொண்ணு பாக்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார்.

நைனா வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி ஆணியில் தொங்கியது. அதை எடுத்தார்.

"நைனா, வேணாம்."

"நீ தள்ளு. கடை மானத்த வாங்கிட்டான்."

நாய் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கியிருந்தது. கொக்கியின் மரப்பிடியால் முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது தலையில். அவன் கத்தவில்லை. உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டி, தொண்டைக்குள் உறுமினான். அந்த உறுமலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நைனா கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் குனிந்தார். அவன் அவர் கையைக் கவ்வினான். கட்டைவிரலுக்குக் கீழே சதை கிழிந்தது. நைனா கொக்கியைத் திருப்பிப் பிடித்தார், கூர்முனை முன்னால் வரும்படி.

நான் யோசிக்கவில்லை. நடுவில் விழுந்தேன். கொக்கி என் முழங்கைக்குக் கீழே இறங்கி, இழுத்த இழுப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. சிந்திய அரிசியெல்லாம் சிவந்தது.

நைனா கொக்கியைக் கீழே போட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"புருஷன் என்ன அடிச்சான்னுதான நீ போய் அவன அடிச்ச?" என்று கேட்டேன். வலி அப்போது தெரியவில்லை. "இப்ப நீ இன்னா பண்ற?"

"நாயும் நீயும் ஒண்ணாடி?"

"வலி ஒண்ணுதான் நைனா."

இருவரும் ஒரே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எனக்குத் தையல் போட்டார்கள். நைனாவின் கடிக்காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவச் சொன்னார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்றேன். இருந்தாலும் மனுஷனுக்கு ஊசி போட்டாக வேண்டும் என்று சொல்லி, அடுத்தடுத்து வரவேண்டிய நாட்களையும் எழுதிக் கொடுத்தார்கள். எப்படிக் காயம் என்று நர்ஸ் என்னைக் கேட்டபோது நைனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி பட்டுவிட்டது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் நைனா, "ஆளுக்குச் சொல்லிட்டேன். சோத்துல மருந்து வச்சுருவான்" என்றார்.

நான் நாயை என் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில், முன்பு தாலிக்கயிறு தொங்கிய இடத்தில் கட்டிக்கொண்டேன். "வைக்கிறதா இருந்தா ரெண்டு தட்டுல வைக்கச் சொல்லு" என்றேன். அந்த ஆள் வரவில்லை. நைனாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா, எனக்குத் தெரியாது.

கையில் கட்டோடு நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் என் வயதுப் பெண். நாயை உடனே தொடவில்லை. அவன் மேசைக்கு அடியில் போய்ப் படுக்கும்வரை என்னிடமே பேசிக்கொண்டிருந்தார்.

"குளம் மாதிரி போறானா, சொட்டுச் சொட்டாவா?"

"சொட்டுதான். மூட்டை முனையில, காலத் தூக்கி."

"அது மார்க் பண்றது. நாய்ங்க விட்டுட்டுப் போற அடையாளம் அது. இருந்தாலும் மூத்திரத்த டெஸ்ட் பண்ணிருவோம். கல்லு, கிருமி இருந்தாக்கூட அங்கங்க போவும்." பிறகு கேட்டார்: "எல்லா மூட்டையிலயுமா, புதுசா வந்ததுலயா?"

யோசித்துப் பார்த்தேன். புது லோடு இறங்கிய நாட்களில்தான் அதிகம். அந்த மூட்டைகள் மில் வாசலிலும் லாரியிலும் தெருவிலும் கிடந்து வருபவை. வழியில் வேறு நாய்கள் அவற்றில் காலைத் தூக்கியிருக்கும்.

"அந்த வாசனைக்கு இவன் பதில் போடறான்" என்றார் டாக்டர். "வெளிய பெட்ட வேற பருவத்துல இருக்குது. நீங்க ஊத்துற பினாயில்ல நம்ம மூக்குக்குத்தான் வாசனை போவும், அவன் மூக்குக்குப் போவாது."

அடிக்கும்போது மூத்திரம் விடுவதைச் சொன்னேன். "அது கொழுப்பு இல்லீங்க, பயம். அடங்கிப் போறேன்னு சொல்றான். அதுக்கும் அடிச்சா அவனுக்கு வேற வழி தெரியல, கடிச்சுட்டான்."

"மேல ஏறுறது?"

"பாதி ஆசை. மீதி பரபரப்பு, டென்ஷன். கூட்டம், சத்தம் வந்தா, ஆபரேஷன் பண்ண நாய்கூட ஏறும். கத்தாதீங்க, தள்ளாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டு உக்கார வச்சு, கடிக்க எதாச்சும் குடுங்க."

விதை எடுக்கும் ஆபரேஷனைப் பற்றியும் அவரே சொன்னார். நிறைய நாய்களுக்குக் குறையும், எல்லாவற்றுக்கும் அல்ல. உடம்பிலிருக்கும் ஹார்மோன் இறங்கவே சில வாரங்கள் ஆகும். பழகிப்போன பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பயத்தில் கடிப்பதை ஆபரேஷன் தீர்க்காது, அடியை நிறுத்துவதுதான் தீர்க்கும். அதோடு, கடித்த நாய் என்பதால் வெறிநோய் இருக்கிறதா என்று பத்து நாள் கண்காணித்துவிட்டுத்தான் கத்தி வைக்க முடியும்.

வீட்டில் சொன்னதும் நைனா எகிறிக் குதித்தார். "காயடிக்கப் போறியா? ஆம்பளையா பொறந்தவன! சாவடிச்சுட்டுக்கூடப் போவலாம், இது பாவம்டி."

"கொக்கியால குத்துறது பாவமில்ல, இதுதான் பாவமா?"

சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். நாய் அறைக்குள் ஊளையிட்டது. நான் சாதத்தைக் கூட்டி அள்ளினேன். என் கைக்கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. அதைப் பார்த்தவர் எழுந்து போய்விட்டார்.

மூத்திரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. பத்து நாள் கழிந்தபிறகு ஆபரேஷன் நடந்தது. நைனா வரவில்லை. திரும்பி வந்தபோது கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு புதுக் கதவு இருந்தது. தச்சரை யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை.

மற்றதையெல்லாம் நான் செய்தேன். நாய் மூக்குக்கும் வாசனை தெரியாமல் போக்கும் என்ஸைம் கலந்த க்ளீனரைப் பாண்டியிலிருந்து வரவழைத்து, பழைய இடங்களை ஊறவைத்துத் துடைத்தேன். மூட்டைகளைக் கட்டைமேல் ஏற்றி, சுவரைவிட்டுத் தள்ளி அடுக்கினேன். தெரு நாய்கள் தெரியாதபடி பின்வாசல் கம்பிக்கேட்டைத் தகரத்தால் மறைத்தேன். காலையும் மாலையும் ராஜகிரி மலைப் பக்கம் கயிற்றில் கூட்டிப்போய், வெளியில் காலைத் தூக்கினால் உடனே ஒரு துண்டு கோழி ஈரல் கொடுத்தேன். வீட்டுக்குள் அவிழ்த்துவிடும்போது கொஞ்ச நாள் வயிற்றைச் சுற்றித் துணிப்பட்டை கட்டினேன். நனைந்தால் புண்ணாகிவிடும் என்று அடிக்கடி மாற்றினேன்.

முதல் வாரங்களில் ஒன்றும் மாறவில்லை. "பாத்தியா உன் டாக்டரு" என்றார் நைனா. தை பிறந்தபோது துணிப்பட்டை உலர்ந்தே இருந்தது. இப்போது எப்போதாவது ஒருமுறை, புதிதாக ஏதாவது பொருள் வீட்டுக்குள் வந்தால், காலைத் தூக்கப் பார்ப்பான். கூப்பிட்டால் வந்துவிடுவான். கூட்டம் வந்தால் சுருட்டி வைத்த மெத்தையில் ஏறுவது மட்டும் அவனிடம் தங்கிவிட்டது.

போன மாதம் லோடு இறங்கும்போது புது ஆள் ஒருவன், குறுக்கே வந்தான் என்று நாயை உதைத்தான். நைனா பாய்ந்து போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து மூட்டையோடு சேர்த்துச் சுவரில் மோதினார். "என் வீட்டு நாய்டா! கைய ஒடச்சுருவேன்!" உதட்டில் ரத்தம் வரும்வரை அறைந்தார். மற்றவர்கள் பிரித்துவிட்டார்கள்.

நாய் என் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மதியம்வரை வரவில்லை. நைனா தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். அது இன்னும் உள்ளே நகர்ந்தது.

"அவனுக்காகத்தான நான் சண்ட போட்டேன்? என்னப் பாத்து எதுக்கு ஒதுங்குறான்?"

"அவனுக்கு அது தெரியாது நைனா. சத்தம்தான் தெரியும்."

அவர் கையைத் தரையில் விரித்து வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள். நான்தான் எழுந்து போனேன்.