விரத மாதத்தில் அடைத்துக்கொண்ட குழாய்

நடந்தது இந்த வரிசையில்தான்.

1. எங்கள் குளியலறைத் தரையிலிருந்த துளையில் தண்ணீர் மெதுவாக வடிய ஆரம்பித்தது.
2. பிறகு வடியவே இல்லை.
3. ஒரு காலையில், வீட்டில் யாரும் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றாதபோது, அந்தத் துளை குமிழிவிட்டு சீயக்காய் நுரையைக் கக்கியது.
4. நுரைக்குப் பின்னால் மலம் வந்தது.
5. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அத்தான் அந்தத் துளையைச் சாக்குத்துணியும் செங்கல்லும் வைத்து அடைத்தார்.
6. அடுத்த முறை அது கக்கூஸ் பீங்கான் வழியாக வந்து நிரம்பி வழிந்தது. துளை அடைபட்டிருந்ததால் தரையில் விழுந்தது திரும்பிப் போக வழியில்லாமல் அப்படியே நின்றது.

அப்போது என் அக்கா பிள்ளை பெற்று, அதே வீட்டின் உள்ளறையில் படுத்திருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் இரயில்பாதைக்குப் பின்னால் இருந்த மூன்று அடுக்குக் கட்டடம் அது. முப்பதுகளின் கடைசியில் அப்படிப்பட்ட கட்டடங்கள் எங்கள் ஆட்களுக்குப் புதுசு. கீழ்வீட்டில் நாங்கள்: இரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த அத்தான், அக்கா, அவர்களோடு நான். நான் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்க்கும் கிளினிக்கில் மருத்துவச்சியாக இருந்தேன். நடு வீட்டில் ஒரு பெரிய குடும்பம். அந்த வீட்டம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். காஜாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து, மகனுக்கு வேலை கிடைத்ததால் பட்டணத்துக்கு வந்தவர்கள். மேல்வீட்டில் கல்யாணம் ஆகாத இளைஞர்கள் சேர்ந்து மெஸ் நடத்தினார்கள்.

மூன்று வீட்டுக்கும் பின்சுவரில் ஒரே இரும்புக் குழாய். சமையலறை, குளியலறை, கக்கூஸ் எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். அது அடியில் வளைந்து மண்ணுக்குள் இறங்கி, முற்றத்திலிருந்த மூடிபோட்ட குழி வழியாகச் செப்டிக் தொட்டிக்குப் போகும். எங்கள் வீட்டுக் கிளைக்குழாய் அந்த வளைவுக்குச் சற்று மேலே சேர்ந்தது.

எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மேல்வீட்டுத் தம்பி ஒருவனை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நான் கீழே நின்றேன். எங்கள் துளையில் தண்ணீர் ஏறியது. முற்றத்துக் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம்கூட இல்லை. அப்படியென்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில், குழாய் வளையும் இடத்தில். மேலே ஊற்றுவது எதுவும் அதைத் தாண்டிப் போக முடியாது. வளைவுக்கு மேலே இருக்கிற முதல் வாசல் எங்கள் வீடு. அதிலும் குளியலறைத் துளை கக்கூஸைவிடத் தாழ்வு, அதனால் அங்கே முதலில் வந்தது. மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் ஊற்றும் தண்ணீர் எப்போதும்போலச் சத்தமாக இறங்கிப் போகும். போய் எங்கள் வீட்டில் எழும்பும்.

இதை வீட்டுக்காரருடைய கிராணியிடம் சொன்னேன். வாடகை வாங்க வருபவர் அவர்தான். அவரும் அதே குழியைத் திறந்து பார்த்தார். காய்ந்து கிடந்ததைக் கண்டு, தொட்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, அங்கேயும் தண்ணீர் நன்றாகத்தான் போகிறது என்றார்.

"குழி காய்ஞ்சிருக்கிறதாலதான் சொல்றேன். இந்த வளைவைத் தாண்டி ஒண்ணுமே வரல. உள்ள வந்து ஒரு தடவை பாருங்க ஐயா."

அவர் வாசற்படிக்கு நாலடி தள்ளியே நின்றார். நெற்றியில் விபூதி, கழுத்தில் உருத்திராட்சம்.

"நான் காவடி எடுக்கிறவன்ம்மா. தீட்டு வீட்டுக்குள்ள எப்படி வரது? புள்ள பெத்த வீடு, துணி கிணி போட்டிருப்பீங்க. உங்க பக்கமே சுத்தம் பண்ணிக்குங்க."

துணிகளை நானே ஊறவைத்துக் கொதிக்கவைத்தேன், மற்றதைப் பின்னால் எரித்தேன், ஒரு நூல்கூடக் குழாயில் போகவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, தீட்டுக் கழியட்டும், வந்து பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

தைப்பூச விரதம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கட்டடத்தில் எங்களைத் தவிர எல்லா வீட்டிலும் பத்துமலைக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். நடு வீட்டில் மகன் காவடி, மருமகள் பால்குடம். மேலே தம்பிகளில் பாதிப்பேர். அதிலிருந்து இரண்டு காரியம் வந்தது. ஒன்று, யாரும் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. அதனால் எங்கள் தரையில் நிற்பதை யாரும் பார்க்கவும் இல்லை. இரண்டு, காலையும் மாலையும் தலைமுழுகினார்கள். கவிச்சி பட்ட பாத்திரம் என்று எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுத் தேய்த்தார்கள். வருஷத்தில் வேறு எந்த மாதத்திலும் அந்தக் குழாயில் அவ்வளவு தண்ணீர் போயிருக்காது.

அக்கா அந்தக் குளியலறையில்தான் வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், அந்தக் கக்கூஸுக்குத்தான் போக வேண்டும். வேறு இடம் இல்லை. நான் பலகை போட்டேன், செருப்புப் போடச் சொன்னேன், மருந்து கலந்த தண்ணீரில் கை கழுவாமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்றேன். அவள் சிரித்தாள். "என்னை வார்டுல படுக்கவச்ச மாதிரியே வச்சிருக்கே" என்றாள். ஆனால் செய்தாள். பிள்ளை பெண். நல்ல எடை. பால் குடித்துவிட்டு, குடித்த இடத்திலேயே தூங்கிவிடும்.

யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்பதால், உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோகத் தீர்மானித்தேன். துளையிலிருந்த செங்கல்லை எடுத்துவிட்டு, தரையில் நின்றதை வாளியில் அள்ளி, முற்றத்துக் குழியில் கொண்டுபோய் ஊற்றினேன். பகலில், மாடியிலிருந்து எல்லோரும் பார்க்கும் நேரத்தில். வாளி வாளியாக ஊற்றியதும் பெரியம்மா பின்ஜன்னலில் வந்து நின்றார். மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கினார். வாசலில் நின்றபடியே வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மேலே செம்பருத்தி இலைச் சக்கை மிதந்தது. கட்டடத்தில் அதைத் தேய்த்துக் குளிப்பது அவர் வீட்டில் மட்டும்தான்.

"இது எங்க வீட்டுது" என்றார், மெதுவாக.

"ஆமா பெரியம்மா. நீங்க குளிச்சா இங்க வருது. அடைப்பை எடுக்கிற வரைக்கும் தெருக்குழாயில குளிக்கச் சொல்லுங்க. பச்சப்பிள்ளை இருக்கு."

அவர் கண்கலங்கிவிட்டார். நாளைக்கே எல்லோரையும் தெருக்குழாய்க்கு அனுப்புகிறேன், மேல்வீட்டுப் பையன்களிடமும் சொல்கிறேன், கிராணியை நானே பிடிக்கிறேன் என்றார். உள்ளறைப் பக்கம் பார்த்து, பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டார். மனசாரக் கேட்டார். பிறகு படியேறிப் போனார்.

நான் தரையைத் தேய்த்துக் கழுவி, வாளியைக் கவிழ்த்துவைத்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். சுத்தமாயிருக்கும்போதே போய்விட்டு வருகிறேன் என்றாள். அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழாயில் அது இறங்கி வந்தது. நான் கதவைத் தட்டி அவளை வெளியே வரச் சொல்லுமுன் துளை பொங்கிவிட்டது. பலகை மிதந்தது. அவள் வழுக்கி, இரண்டு கையையும் அந்தத் தண்ணீரில் ஊன்றி விழுந்தாள்.

பெரியம்மாதான். தீட்டு வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போனவர் தலைமுழுகாமல் அடுப்படிக்குப் போக முடியாது. அதற்கு முன்னால் எங்களிடம் பேச வந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் மேலே போய்க் குளித்திருக்கிறார்கள். எங்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனவர்களின் குளியல்தான் எங்கள் தரைக்கு வந்துகொண்டிருந்தது.

மறுநாள் நான் கிராணி வேலை பார்க்கும் கடைக்கே போனேன். நீங்கள் உள்ளே வர வேண்டாம், குழாயின் அடிமூடி வெளிச்சுவரில்தான் இருக்கிறது, அதைத் திறக்க ஆள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இன்று சாயந்திரம் சுகாதார அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பேன் என்றேன். நான் வேலை செய்யும் இடம் எது என்று அவருக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் ஒரு சீன பிளம்பர் வந்தார்.

அவர் மேலே ஏறி, யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தார். மூடியின் திருகுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். தேங்கியிருந்தது பக்கவாட்டில் கசிந்து, பிறகு பீறிட்டு, முற்றம் முழுக்க ஓடியது. வடிந்து முடிந்ததும் பிரம்புக் கழிகளை ஒன்றோடொன்று முடுக்கி, முனையில் இரும்புத் திருகு மாட்டி உள்ளே விட்டார். கொஞ்ச தூரத்திலேயே இடித்தது. முறுக்கி முறுக்கி இழுத்தார். துண்டு துண்டாகச் சாம்பல் நிறக் கட்டி வந்தது. அடுப்புச் சாம்பல், எண்ணெய்ப் பிசுக்கு, தேங்காய் நார். மூன்றும் சேர்ந்து வளைவில் படிந்து, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தன. துணி எதுவும் இல்லை. கிராணி தூரத்தில் நின்று அதையும் பார்த்தார்.

பெரியம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "எஸ்டேட்டுல பொறந்ததுலேர்ந்து சாம்பலும் நாரும்தான் போட்டுத் தேய்ச்சோம். ஒரு நாள் அடைச்சதில்லையே" என்றார்.

எஸ்டேட்டில் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் திறந்த சாக்கடை. சாம்பல் படிந்தால் கண்ணுக்குத் தெரியும், மழை அடித்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் கூட்டுகிற ஆள் வாரிப் போடுவார். மூடிய குழாய்க்குள் அது எங்கே போய் உட்காருகிறது என்று யார் பார்த்தார்கள்? இதைச் சொன்னேன். மேல்வீட்டுத் தம்பி ஒருவன், "அப்ப இனிமே கழுவாமலே சாப்பிடுவோம் நர்ஸம்மா, எங்க சமையலுக்கு அது போதும்" என்றான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

தைப்பூசம் முடிந்து, காவடிகள் எல்லாம் இறங்கிய பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. தினமும் சாயந்திரம் ஒரு படி கூடுதலாக ஏறிய காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். அந்தத் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது. அந்த வட்டாரத்தில் அந்தக் காய்ச்சல் வேறு வீடுகளிலும் இருந்தது. அவள் கை எதில் ஊன்றியது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள். பிரிக்காமல் இருந்திருந்தாலும் பயனில்லை, அவளுக்குப் பால் வற்றிவிட்டது. நான் டின்பாலைக் கொதித்த தண்ணீரில் கலந்து, பாட்டிலைக் கொதிக்கவைத்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படியே கொடுத்தேன். பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு வந்து, ஒரு வாரத்தில் இறந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாள். அவளிடம் பிறகுதான் சொன்னோம். அத்தான்தான் சொன்னார்.

இப்போது நாங்கள் கிள்ளானில், தரையோடு இருக்கும் ஒரு பலகை வீட்டில் குடியிருக்கிறோம். அக்கா பிழைத்துக்கொண்டாள். ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. வேறு பிள்ளை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கட்டடத்தில் குழாய் ஓடுகிறது. நடு வீட்டில் பெரியம்மா சாம்பலைத் தனியாக ஒரு டின்னில் சேர்த்துவைத்து, வெளியே கொட்டுகிறார். மேல்வீட்டில் இருப்பவர்கள் புது ஆட்கள். அவர்கள் என்ன போட்டுத் தேய்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பழைய வீட்டில் ஒரு குடும்பம் வந்திருக்கிறது.