இரண்டாவது படத்தில் நின்ற முயல்

குழந்தைகள் உடுப்புக் கடையில் அவளுக்கு ஒருவரி என்று பெயர். வைத்தது பாக்கிங் அண்ணன். முழு நாளும் சேர்த்து அவள் பேசுவதே ஒரு வரிதான் என்பது அவருடைய கணக்கு. அதில் பாதி "ம்".

அவள் வேலையும் அப்படித்தான். கடைக்கு ஒரு பக்கம் உண்டு, போனில். எல்லாக் கடையும் சட்டையை மாட்டிப் படம் போடும். இவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நீதிக்கதை போடுவார்கள். பத்துப் படம். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக வரும். ஒரு படத்துக்கு ஒரு காட்சி, ஒரு காட்சிக்கு ஒரு வரி. வரைவது, எழுதுவது, போடுவது எல்லாம் ஒருவரி. முதலாளியம்மாவின் பங்கு "சூப்பர்" என்று சொல்வது.

பார்க்கச் சின்ன வேலை. செய்து பார்த்தால்தான் முதுகு ஒடியும். ஒரு வரியில் ஏழு வார்த்தைக்கு மேல் போனால் அம்மாக்கள் வாசிக்க மாட்டார்கள். ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் போன், மடியில் வாயை இறுக மூடிய எதிரி. படம் காட்டுவதையே வரியும் சொன்னால் வீண். முயல் அழுவது போல வரைந்துவிட்டு, 'முயல் அழுதது' என்று எழுதினால் ஒரு படம் தண்டம். எழுத்தை ஓரத்தில் வைக்கக் கூடாது. முதல் படம் என்ன அளவோ அதே அளவுக்குத்தான் மற்ற ஒன்பதையும் அந்தப் பக்கம் வெட்டும், ஓரத்தில் இருப்பது போய்விடும். முயலுக்குச் சிவப்புத் துண்டு என்றால் பத்துப் படத்திலும் அதே சிவப்பு. இல்லாவிட்டால் மூன்று வயசு நீதிபதிகள், "இது வேற முயல்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு படத்தின் வலது ஓரத்திலும் அடுத்த படத்தின் காதோ வாலோ கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். விரல் தானாகத் தள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. முதல் படத்தைத் தள்ளாமல் கடந்து போனவர்களுக்கு, அதே கதையைப் பிறகு ஒருமுறை இரண்டாவது படத்திலிருந்து காட்டும் அந்தப் பாழாய்ப்போன பக்கம். ஆகவே இரண்டாவது படம் தனியாக நின்றாலும் ஆளைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒருவரி இதில் கெட்டிக்காரி. அவளுடைய இரண்டாவது படங்களைப் பார்த்துவிட்டு நின்றவர்கள் ஏராளம்.

அவர்களில் ஒருத்தி அவளுடைய அக்கா.

இதைச் சொன்னவர் அத்தான். அக்கா அவளோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. அக்காவின் பையனை ஒருவரி இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள், இரண்டும் யாரோ வீட்டு விசேஷத்தில், தூரத்திலிருந்து.

"பக்கம் நீ பண்றதுன்னு அவளுக்குத் தெரியும்," என்றார் அத்தான் ஒருநாள். "ஆனா நிறுத்தல. உன் கதை ஓடினாத்தான் பையன் வாயைத் திறக்கிறான்."

"என்ன சொல்லுவா, பாக்கும்போது?"

"ஒண்ணும் சொல்லமாட்டா. வாசிப்பா."

அந்த ஒரு சொல்லில் ஒருவரி பல மாதம் வாழ்ந்தாள். வெள்ளி மாலை ஆறரைக்குக் கதை போகும். எங்கோ ஒரு வீட்டில் அக்கா இவள் எழுதிய வரியை வாய்விட்டு வாசிப்பாள். அக்கா தங்கை பேச்சுவார்த்தை இவ்வளவுதான். மீதி இருந்த நூலும் அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போயிருந்தது. வாசல் கதவை எப்போதும் பூட்டி வைக்க வேண்டும். ஒருநாள் அக்கா அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒருவரி பால் வாங்கப் போனாள், வந்தாள், போனில் எதையோ பார்த்துக்கொண்டே பூட்ட மறந்தாள். அம்மா தெருவைத் தாண்டி ரோட்டுக்குப் போய் வண்டியில் அடிபட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா, "கதவை யாரு தொறந்து வச்சது?" என்று கத்தினபோது, ஒருவரியின் வாயிலிருந்து வந்தது ஒரே வரி. "அக்காதான் கடைசியா வந்துட்டுப் போனா." அது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு ஒழுங்காக வெட்டிய வரி. அக்கா மறுத்துப் பேசவில்லை. தான்தான் விட்டுவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம். பிறகு யோசித்து யோசித்துத் தெளிந்திருக்கிறாள். தெளிந்த நாளிலிருந்து பேச்சில்லை.

அந்த வாரம் ஒருவரி முயல் கதை வரைந்தாள். பெரிய முயல், சின்ன முயல், இரண்டும் பார்த்துக்கொள்ளும் ஒரு வயசான நத்தை.

பாக்கிங் அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கதவு தொறந்திருந்தா மட்டும் நத்தை எவ்வளவு தூரம் போயிடும்? நாளைக்குத் தேடினாலும் வாசல்லயேதான இருக்கும்?"

"ரோடு வரைக்கும் போகும்ணே," என்றாள்.

அண்ணன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து, நூல் உருண்டை தேடுவது போலக் கீழே குனிந்துகொண்டார்.

முதல் படம்: திறந்த கதவு, வெறும் பாய். 'கதவைத் திறந்து வைத்தது யார்?' இரண்டாவதில் சின்ன முயல் கையை நீட்டுகிறது. 'பெரிய முயல்தான்!' மூன்றில் எல்லோரும் பெரிய முயலைத் திட்டுகிறார்கள். நான்கில் அது பேசவில்லை. ஐந்தில் தலையணையை எடுத்துக்கொண்டு போகிறது. ஆறில் சின்ன முயலுக்குக் கேரட் கசக்கிறது. ஏழில் கதவைப் பார்த்தாலே வயிறு வலிக்கிறது. எட்டில், 'நான்தான் திறந்து வைத்தேன்.' ஒன்பதில் பெரிய முயலின் முதுகும் இரண்டு காதும் மட்டும். முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் வரையவில்லை. பத்தாவதில் கதவு, பாதி மூடியபடி. 'நான்தான் என்று உடனே சொல்லிவிடு.'

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் உண்மையைச் சொன்னாள். சொன்னவள் தொழிலை மறக்கவில்லை. ஆளைப் பிடித்து இழுக்கும் வரியை இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் அத்தான் கூப்பிட்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"பாத்தாளா அத்தான்?"

"பாத்தா. நேத்து சோறு ஆறிப்போச்சுன்னு உன் கதையைத் தள்ளாமலே விட்டுட்டா. இன்னிக்குத் தொறந்தா முயல் கையை நீட்டிட்டு நிக்குது, பெரிய முயல்தான்னு. பையன் கேக்கறான், 'பெரிய முயல் கெட்டதாம்மா?'ன்னு."

"எட்டாவது படம் அத்தான். எட்டாவதைத் தள்ளிப் பாக்கச் சொல்லுங்க."

"எங்க பாக்கறது? பக்கத்தையே பிளாக் பண்ணிட்டா. மூணு வருஷம் கழிச்சும் ஊருக்கெல்லாம் படம் போட்டுச் சொல்றாளான்னு ஒரே அழுகை."

போட்ட கதையில் படங்களின் வரிசையை அவளால் மாற்ற முடியாது, புதிதாகச் சேர்க்கவும் முடியாது. ஒரு படத்தை நீக்க மட்டும் முடியும். ஒருவரி இரண்டாவதை நீக்கினாள். மூன்றாவது நகர்ந்து இரண்டாவதானது: எல்லோரும் பெரிய முயலைத் திட்டினார்கள். அதையும் நீக்கினாள். பேசாத பெரிய முயல் வந்து நின்றது. அதையும். தலையணையோடு போகிற முயல். முன்னால் வருகிற ஒவ்வொன்றும் போனதைவிட மோசமாக இருந்தது. அவள் வரைந்தவைதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆறு படம் போன பிறகு கதவுக்கு அடுத்தபடியே 'நான்தான் திறந்து வைத்தேன்' நின்றது. மீதி நான்கு.

அரை மணிக்குள் முதலாளியம்மா வந்துவிட்டார். "என் கதையை எலி கடிச்சுத் தின்னுடுச்சா? நேத்துலேர்ந்து எத்தனை பேரு சேவ் பண்ணி வச்சிருக்காங்க தெரியுமா? இதுவரைக்கும் எந்தக் கதைக்கும் இப்படி வந்ததில்ல. ஒரு அம்மா எழுதியிருக்காங்க, எங்க வீட்டு வாண்டு டம்ளரை உடைச்சுட்டு 'பெரிய முயல்தான்'னு சொல்றான்னு. அப்புறம், அடுத்தது மன்னிச்ச கதை போடு. ரெண்டு முயலும் கட்டிப்பிடிச்ச மாதிரி."

"வரைய வராதும்மா."

"பத்து வருஷமா வரையற, கட்டிப்பிடிக்க வராதா?"

"வராது," என்றாள். ஒரு வரி முடிந்தது.

அத்தானிடம் கெஞ்சினாள். "உங்க போன்ல காட்டுங்க. இப்ப ரெண்டாவதே அதுதான்." அவர் நல்ல மனுஷன். காட்டினார். மாலையில் திரும்பக் கூப்பிட்டார், மெதுவாகப் பேசினார்.

"பாத்தாம்மா. நாலையும் பாத்தா."

"என்ன சொன்னா?"

"'முயல் சொல்லுது, அவ சொல்லல'ன்னு சொன்னா. 'ஆஸ்பத்திரியில அன்னிக்கு முயலா நின்னுது, அவதான நின்னா?'ன்னு கேட்டா."

ஒருவரி அக்காவுக்கு நேராகப் போன் அடித்தாள். மணியே போகவில்லை. சரி, அன்றைக்கு வராந்தாவில் யாரிடம் சொன்னாளோ அவரிடமே சொல்லலாம் என்று சித்தப்பாவைக் கூப்பிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் சேர்த்து வைத்திருந்த தைரியம் மொத்தமும் அந்த அழைப்பில் செலவானது.

"சித்தப்பா, அம்மா அன்னிக்கு வெளிய போனதுக்கு அக்கா காரணமில்ல. நான்தான் கதவைப் பூட்டாம விட்டேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதன் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"எந்தக் கதவு?"

"அம்மா போனாங்களே சித்தப்பா, அன்னிக்கு."

"ஓ. அட விடும்மா. போனவ போயிட்டா. யாரு பூட்டினா என்ன, பூட்டாட்டி என்ன? நான் அதையெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன்."

"நீங்க அக்காவைத் திட்டினீங்க. எல்லார் முன்னாடியும்."

"நானா? கோவத்துல ஏதாவது சொல்லியிருப்பேன். அவதான் மனசுல வச்சிட்டுத் திரியறா, அவ குணமே அப்படி. நீ சாப்பிட்டியா?"

அத்தை, பெரியம்மா, மாமா என்று வரிசையாகக் கூப்பிட்டாள். ஒருவருக்கு நினைவில்லை. ஒருவர், அக்காவோடு சமாதானமாகப் போகத்தான் இப்படிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "உனக்குத் தங்கமான மனசும்மா" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டுக்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பல் தேய்க்காத கரடியின் கதை போனது. பத்துப் படம். இரண்டாவதில் கரடி வாயைத் திறந்து நிற்கிறது, அவ்வளவுதான். யாரையும் நோக்கிக் கை நீட்டவில்லை. ஆறரைக்குப் போட்டுவிட்டு அத்தானைக் கூப்பிட்டாள்.

"பையன் சாப்பிட்டானா அத்தான்?"

"சாப்பிடறான்மா."

"எதைப் பாத்து?"

அத்தானுக்குப் பின்னால் ஏதோ பாட்டு ஓடுவதும், பையன் கூடவே கத்துவதும் கேட்டன.

"ஏதோ கார் பாட்டு. கதையைப் பத்தி ஒரு நாள் கேட்டான், ரெண்டு நாள் கேட்டான். இப்ப கேக்கறதில்ல. நல்லாவே சாப்பிடறான்."

"சரி அத்தான்," என்றாள் ஒருவரி.