சொந்தப் பெயர், கடன் இல்லை

நாமக்கல்லில் பழைய லாரி வாங்குகிறவர்கள் தீர்த்தகிரி தலையாட்டாமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு புரோக்கர் தொழில். வண்டி பார்க்கப் போனால் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் பக்கம் திரும்பவே மாட்டார். அதை யார் வேண்டுமானாலும் பின்னால் சுற்றிவிடலாம். குனிந்து, கிளட்ச் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு ஆர்.சி.யை வாங்கி, வண்டி யார் பெயரில் இருக்கிறது, எந்த வருடம் பதிவானது, பைனான்ஸ் பாக்கி நிற்கிறதா என்று பார்ப்பார். மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தன்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும் என்று டீக்கடையில் சொல்லுவார். கேட்டவர்களும் மறுத்ததில்லை.

அந்தத் தலையாட்டலைத்தான் கண்ணுசாமி தேடி வந்தான். பதினேழு வருடம் வடக்கத்தி லைனில் லாரி ஓட்டியவன். போன ஆடியில் முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் படுத்தபடியே போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வீடியோ வந்தது. அறிவழகன் என்கிற கோச், பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் சொல்லித் தருகிறாராம். காலையில் ஒரு மணி நேரம் போனைப் பார்த்தால் போதுமாம், மாதம் லட்சம் தானாக வருமாம். பயிற்சிக் கட்டணம் நாற்பத்தொன்பதாயிரம். கண்ணுசாமியிடம் சீட்டு எடுத்த பணம் ஐம்பத்திரண்டாயிரம் இருந்தது. அதுதான் கடைசி. அது போனால் ஸ்பின்னிங் மில்லில் அவன் மனைவி வாங்கும் சம்பளத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

"எனக்கு இந்தப் பங்கு மார்க்கெட்டெல்லாம் தெரியாதுங்கண்ணா. ஆளு எப்படின்னு நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொன்னாப் போதுமுங்க," என்றான்.

தீர்த்தகிரிக்கும் அது தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். சரி என்று ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கூட்டம் நடக்கும் ஹோட்டலுக்குப் போனார்கள்.

வாசலிலேயே கோச்சின் வெள்ளைக் கார் நின்றது. அறுபது லட்சத்துக்குக் குறையாத வண்டி. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தீர்த்தகிரிக்குக் குஷி வந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கார், அவருக்கு அது சாட்சி. வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்திப் பந்தா காட்டுகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர். போனில் வண்டிப் பதிவு பார்க்கும் ஆப்பைத் திறந்து கார் நம்பரைப் போட்டார். உரிமையாளர் பெயர் பாதி எழுத்து மறைந்து வந்தாலும் மீதி எழுத்துகள் பொருந்தின. பைனான்ஸ் இல்லை. பதிவுத் தேதி 2023 மே.

"வண்டி சுத்தம். சொந்தப் பேரு, கடன் இல்ல," என்றார்.

கண்ணுசாமியின் முகம் பல மாதங்களுக்குப் பிறகு தெளிந்தது. அவனைப் பொறுத்தவரை தீர்த்தகிரி தலையாட்டியாகிவிட்டது.

உள்ளே நூற்றிருபது பேர் இருக்கலாம். நர்சுகள், தறிக்காரர்கள், கல்லூரி முடித்து வேலை கிடைக்காதவர்கள். அறிவழகன் நன்றாகப் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. தன் கதையையே எடுத்துவிட்டார். 2017இல் டிரேடிங் தொடங்கினாராம். ஐந்து வருடம் ஒற்றை அறை வாடகை வீடு, பழைய ஸ்கூட்டர். 2022இல்தான், நான் கற்றதை நாலு பேருக்குச் சொல்லித் தரலாமே என்று இந்தப் பயிற்சியைத் தொடங்கினாராம். பிறகு திரையில் ஒரு கணக்கின் படம் வந்தது. பச்சை நிறத்தில், ஒரு நாள் லாபம் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அரங்கம் கைதட்டியது.

அடுத்து கடிகாரம் வந்தது. இருபது நிமிடத்துக்குள் கட்டினால் நாற்பத்தொன்பதாயிரம், தாண்டினால் தொண்ணூற்றொன்பதாயிரம். திரையில் நொடிகள் குறைய ஆரம்பித்தன. மேசைகளில் கியூஆர் அட்டை வைத்தார்கள். கட்டியவர் பெயரை மைக்கில் வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல்.

புரோக்கர் புத்தி சும்மா இருக்குமா? தீர்த்தகிரி மனதுக்குள் கணக்குப் போட்டார். நாற்பது பேர் கட்டினால் பத்தொன்பது லட்சத்து அறுபதாயிரம், ஒரே காலையில். நம் கமிஷன் இந்தாளிடம் பிச்சை எடுக்க வேண்டும் என்று நினைத்தவர், அந்தக் கமிஷன் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். அவர் முடித்துக் கொடுக்கிற லாரி ஓடினாலும் சரி, படுத்தாலும் சரி, அவர் கமிஷன் அன்றைக்கே பைக்குள் வந்துவிடும். அப்படியானால் இவர்?

போனைத் திரும்ப எடுத்தார். 2023 மே. ஐந்து வருட டிரேடிங்கில் ஸ்கூட்டர். ஒரு வருடப் பயிற்சியில் கார். கார் பொய்யில்லை, அதை வாங்கிய பணமும் பொய்யில்லை. பணம் வந்த வழிதான் வேறு. லாரியில் தவறாமல் பார்க்கிற தேதியை, காரின் பளபளப்பில் அவர் யோசிக்காமல் விட்டிருந்தார்.

திரையில் ஆறு நிமிடம் இருந்தது. கண்ணுசாமி கியூஆரை ஸ்கேன் செய்து, தொகையை அடித்து முடித்திருந்தான். ரகசிய எண்தான் பாக்கி.

அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "கொஞ்சம் பொறு."

"நேரம் போகுதுங்கண்ணா. நீங்கதானுங்களே சுத்தம்னு சொன்னீங்க?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற வார்த்தை தீர்த்தகிரிக்கு வரவில்லை. அதற்குப் பதில் எழுந்து நின்றார்.

"கோச் சார், ஒரு நாள் கணக்கு காட்டினீங்க. உங்க போன்ல அதே கணக்கைத் திறந்து, போன ஏப்ரல்லருந்து இந்த மார்ச் வரைக்கும் தேதி மாத்திக் காட்டுங்க. இல்லீன்னா வருமான வரி கட்டின காகிதம் காட்டுங்க. அதுல டிரேடிங்ல எவ்வளவு, எங்க பீஸ்ல எவ்வளவுன்னு இருக்குமில்லீங்க?"

அறிவழகன் சிரித்தார். வரி விவரம் தனிப்பட்டது என்றார். சந்தேகப்படுகிற மனம் பணம் சம்பாதிக்காது, அப்படிப்பட்டவர்கள் தாராளமாக எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பச்சைப் படம் மட்டும் அப்படியே இருந்தது, எந்தத் தேதியும் மாறவில்லை. ஒரே மாதிரிச் சட்டை போட்ட, கோச்சின் இரண்டு பையன்கள் மரியாதையாக வந்து தீர்த்தகிரியின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

மூன்று நிமிடம். கண்ணுசாமியின் விரல் இன்னும் போன் மேலேயே இருந்தது. அவன் கண் திரைக்கும் தீர்த்தகிரிக்குமாக அலைந்தது.

அவர் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நான் பார்த்தது தப்பு கண்ணுசாமி. கார் அவருதுதான். ஆனா டிரேடிங்ல வாங்கினதில்ல, இங்க கட்றவங்க காசுல வாங்கினது. அவரும் என்னாட்டத்தான், புரோக்கரு. நீ சம்பாதிச்சாலும் தோத்தாலும் அவரு காசு இன்னிக்கே அவருகிட்ட போயிரும்."

 கண்ணுசாமி போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இன்னும் பெயர்கள் வாசிக்கும் சத்தம் கேட்டது. பணம் தப்பியது என்ற நிம்மதியில் தீர்த்தகிரிக்குத் தலை லேசானது. ஜூஸ் குடிக்கலாமா என்றார். கண்ணுசாமி வேண்டாம் என்றான். முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தவன், பஸ் நிறுத்தம் வந்ததும் கேட்டான்.

"அப்ப லாரி வாங்கறவங்க கிட்ட நீங்க சுத்தம்னு சொல்றதும் இப்படித்தானுங்களாண்ணா?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தீர்த்தகிரி, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சுத்தம் என்று அவர் தலையாட்டி, வாங்கிய கொஞ்ச நாளிலேயே படுத்துப்போன இரண்டு மூன்று வண்டிகளின் நம்பர் ஞாபகத்துக்கு வந்தது.