தேடினால் வரக்கூடாத பக்கம்

மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் யுவராணி வேலை பார்த்த காலத்தில், ஜனங்கள் அவளிடம் நகல் வாங்கியதைவிடத் திட்டு வாங்கியதே அதிகம். பத்திரத்தை எட்டாக மடித்துக்கொண்டு வந்தவன், எண்ணெய்க் கையோடு சான்றிதழை நீட்டியவள், யாரும் தப்பவில்லை. எந்த மனிதரையும் நம்பாத அவள் எந்தத் தாளையும் நம்பமாட்டாள். அந்தக் குணத்தால் ஜெராக்ஸ் கடை வேலை போயிற்று. அதே குணத்தால் ஸ்கேன் வேலை வந்தது.

புதுச்சேரியில் ஓர் அறக்கட்டளை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளை, கணினி எழுத்தை அறிந்து படிக்கும்படி ஸ்கேன் செய்து இணையத்தில் வைப்பது அவர்கள் பணி. மரக்காணத்தில் ஒரு காலத்தில் வாரம்தோறும் வந்து, வாரம்தோறும் யாரையாவது காறித் துப்பிக்கொண்டிருந்த ‘உப்பள முரசு’ அவர்கள் கண்ணில் பட்டது. உப்பள முதலாளி ஆதிமூலத்தின் மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக் கேமரா ஸ்கேனரை இறக்கினார்கள். பொறுப்பாளர் சத்யப்ரியா தொலைபேசியில் யுவராணியிடம் சொன்னது இதுதான்: “மொத வருஷத் தொகுப்புல ஒரு பக்கமும் விடுபடக் கூடாது. எழுத்து சரியா வரணும். செக்கிங்ல பாஸானா வேலை நிரந்தரம். இல்லன்னா மிஷினத் திருப்பி எடுத்துக்குவோம்.”

வேறெந்த ஊர்க் கடையிலும் தன்னை இனிச் சேர்க்கமாட்டார்கள் என்று யுவராணிக்குத் தெரியும். ஆகவே அவள் ஒழுங்காக வேலை செய்தாள். பழுப்பேறிய தாளில் பின்பக்கத்து எழுத்தும் முன்னால் நிழலாடும். கணினி இரண்டையும் சேர்த்துப் படித்து உளறும். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் கறுப்பு அட்டை வைத்தாள். முதுகுப் பக்கம் மேடாகி வரிகள் வளையாமல் கண்ணாடியால் அழுத்தினாள். இரண்டு பக்கமிருந்தும் விளக்கைச் சாய்த்து, வண்ணத்திலேயே படமெடுத்தாள். பிறகு திரையில் ஒவ்வொரு பத்தியையும் சுற்றிக் கட்டம் போட்டாள். கட்டம் போடாவிட்டால் கணினி ஒரு பத்தியின் வரியிலிருந்து பக்கத்துப் பத்திக்குத் தாவிவிடும்.

அப்படித் தாவியதைத்தான் ஆதிமூலம் ஒருநாள் படியேறி வந்து பார்த்தார். திரையில் அவருடைய அப்பா சிங்காரத்தைப் பற்றிய செய்தி. ஒரு மழைக்காலத்து இரவில் சிங்காரம் மடையைத் திறந்துவிட்டுப் பக்கத்துப் பாத்திகளின் உப்பையெல்லாம் கரைத்தார் என்று முதல் பக்கத்தில் ‘முரசு’ முழங்கியிருந்தது. கட்டம் போடாத சோதனையில் கணினி அதை இப்படிப் படித்திருந்தது: “சிங்காரம் நள்ளிரவில் மூலநோய்க்குக் கைகண்ட மடையைத் திறந்து லேகியம் கிடைக்குமிடம்.”

ஆதிமூலத்துக்கு முகம் மலர்ந்தது. “இது நல்லாத்தானே இருக்குது. இப்படியே வுட்டுரு.”

“இது தப்புங்க. இன்னும் கட்டம் போடல.”

“போடாத. பக்கம் இருந்துட்டுப் போவட்டும், யாரு பொறுமையா உக்காந்து படிக்கப் போறான். எங்கப்பா பேரப் போட்டுத் தேடினா மட்டும் வரக்கூடாது. என் பேரன் போனத் தட்டினா திருட்டுச் சிங்காரம்னு வரணுமா? அறை என்னுது, கரண்டு என்னுது. ஞாபகம் வச்சிக்க.”

“வாடகைய வாங்கினப்பவும் ஞாபகம் இருந்துச்சுங்களா?”

ஆதிமூலம் இறங்கிப்போன வேகத்தில் மரப்படி இரண்டு நாளைக்கு முனகியிருக்கும்.

அடுத்த எதிரி ‘முரசு’ ஆசிரியரின் மகன் தமிழ்வேந்தன். தொகுப்புகளைக் கொடுத்தவர் அவர்தான். ஆதிமூலத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆதிமூலம் வரும் தெருவில் இவர் நடக்கமாட்டார். சிங்காரம் செய்தி தெளிவாக வரவேண்டும் என்று தினமும் வந்து விசாரித்தார். ஆனால் நாலு வாரம் தள்ளி வந்த இதழை யுவராணி பிரித்தபோது, இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் அடைபோல ஒட்டிக்கிடந்தன. ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது.

“சார், இது என்ன? கருவாடா?”

“பூச்சி வரக்கூடாதுன்னு கல்லுப்பு போட்டு வச்சேன்மா. அந்தத் தாளு வீணாப் போச்சு. அத வுட்டுட்டு அடுத்த இதழுக்குப் போ.”

“மத்த இதழுக்கெல்லாம் பூச்சி வராதா?”

தமிழ்வேந்தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“உப்பளத்து ஊர்ல பொறந்தவரு நீங்க. மழக்காலத்துல உப்பு தண்ணி வுடும்னு பச்சப் புள்ளைக்குத் தெரியும். ஒட்டணும்னே போட்டிருக்கீங்க.”

“ஏம்மா, உன் வேல ஸ்கேன் பண்றது. துப்பறியறது இல்ல.”

“ஒரு பக்கம் கொறஞ்சா என் வேல போவும் சார். உங்க வீட்டுப் பூச்சியா எனக்குச் சோறு போடும்?”

ஏசியைப் போட்டு, தாளை மைஉறிஞ்சும் காகிதங்களுக்கு நடுவே வைத்து நன்றாகக் காயவிட்டாள். பிறகு மெல்லிய மழுங்கல் தகட்டை ஓரத்தில் நுழைத்து, மீனின் தோலை உரிப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். விளக்கில் மினுங்கி எழுத்தை மறைத்த உப்புப் பொடியை மென்தூரிகையால் தள்ளினாள். மூன்றாம் பக்கத்து மூலையில், வரன் தேவை விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் நாலு வரி. கரை தானாக உடைந்ததென்று விசாரணையில் தெரிந்ததாம். திரு சிங்காரம் அவர்கள் மீது தவறில்லையாம். முரசு வருந்துகிறதாம்.

அப்பா மன்னிப்புக் கேட்டதைத்தான் மகன் உப்பு வைத்துப் புதைத்திருக்கிறார்.

யுவராணி இரண்டு பக்கத்துக்கும் கட்டம் போட்டாள். கணினி படித்ததை அச்சோடு ஒப்பிட்டு, தவறியதைத் திருத்தினாள். ஆதிமூலம் வந்து திரையில் மன்னிப்பைப் படித்தார். சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அது சரியாயிற்று.

“மூலைல மூத்திரம் போற மாதிரி போட்டிருக்கான். திட்டினது மட்டும் கொட்ட எழுத்துல.”

“ரெண்டும் தேடினா வருங்க.”

“எது மொதல்ல வரும்?”

“தேதிப்படி வச்சா, திட்டினது.”

முதல் வருஷத் தொகுப்பு முடிந்த மறுநாள் ஊரே வேடிக்கை பார்க்க, பல வருடங்களாக எதிரெதிர்த் தெருவில் நடந்த இரண்டு பேரும் ஒரே படியில் ஏறி வந்தார்கள்.

“திட்டின பக்கம், மன்னிப்புப் பக்கம், ரெண்டையும் எடுத்துரு,” என்றார் தமிழ்வேந்தன். “எங்களுக்குள்ள பேசிட்டோம்.”

“பேசுறதுன்னா நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே பேசியிருக்கலாமே. பக்கம் கொறஞ்சா பாஸ் பண்ணமாட்டாங்க.”

“அறையப் பூட்டிருவேன்,” என்றார் ஆதிமூலம்.

“பூட்டுங்க. நேத்தே மொத்தத் தொகுப்பையும் அனுப்பிட்டேன்.”

தொகுப்பு தேறியது. ஆதிமூலம் சொன்ன சொல் தவறாமல் அறையைப் பூட்டினார். தமிழ்வேந்தன் மிச்சத் தொகுப்புகளைத் தரமாட்டேன் என்று பார்த்தார். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் குறுக்கே நின்றது. அறக்கட்டளை மிஷினையும் இதழ் மூட்டைகளையும் வானூருக்கு மாற்றியது. நிரந்தர வேலைக்கு யுவராணி தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். இரண்டிலும் கண்டக்டர்களோடு சண்டை.

இரண்டு பெரியவர்களும் இப்போது ஒன்றாகத்தான் டீ குடிக்கிறார்கள். அவளைத் திட்டுவதற்கு ஆளுக்கொரு துணை வேண்டியிருக்கிறது. ஊர்ப் பையன்கள் தாத்தாக்களின் பெயரைப் போட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் அந்த டீக்கடை பெஞ்சில் வாரத்துக்கு ஒரு ஆள் கூடுகிறது.

போன வாரம் ஆதிமூலம் போன் செய்தார். குரலில் பழைய அதிகாரம் குறையவில்லை.

“ஏம்மா, அந்த மன்னிப்ப மட்டும் பெரிசாப் பிரிண்ட் போட்டுக் குடு. சட்டம் போட்டு மாட்டணும்.”

“முழுப் பக்கமாத்தான் குடுப்போங்க. கூடவே மொதப் பக்கச் சேதியும் வேணுமா?”

அவர் சொன்ன வார்த்தையை ‘முரசு’கூட அச்சடித்திருக்காது. யுவராணி போனை வைத்துவிட்டு அடுத்த தாளுக்குக் கீழே கறுப்பு அட்டையைச் சொருகினாள்.