எடு என்ற ஒரு சொல்

எங்கள் அலுவலகத்தில் எனக்கு மேல் வேலை பார்த்த அக்காவை எல்லோரும் 'தசம அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மியூச்சுவல் ஃபண்டின் ஒரு யூனிட் விலையை தினமும் கணக்கிட்டு அனுப்புவது எங்கள் வேலை. தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலாவது இலக்கம் இடித்தால்கூட அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். "அக்கா, இதுக்குப் போயா?" என்பேன். "இதுக்குத்தான்டி சம்பளம்" என்பாள்.

வேலை ஒன்றும் மாயமில்லை. சந்தை முடிந்ததும் ஃபண்டிடம் உள்ள பங்குகளை அன்றைய கடைசி விலைக்கும், கடன் பத்திரங்களை மதிப்பீட்டு நிறுவனம் அன்றைக்குச் சொல்லும் விலைக்கும் போட வேண்டும். கையிருப்பையும் வர வேண்டிய வட்டியையும் சேர்க்க வேண்டும். நிர்வாகக் கட்டணத்தில் அன்றைய பங்கையும் தர வேண்டிய பாக்கியையும் கழிக்க வேண்டும். மிச்சத்தை மக்களிடம் உள்ள மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் விலை. மதியக் கெடுவுக்குள் பணம் கேட்டவருக்கு அன்று சாயங்காலம் வரும் இந்த விலைதான். கேட்கும்போது அது எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அக்காவின் தம்பி அந்த ஃபண்டில்தான் போட்டிருந்தான். நாமினி அக்கா. மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை. இப்போதே எடுப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "ஃபண்டைப் பத்தி எங்கிட்ட கேட்காதடா. நான் வேலை பாக்குற இடம்."

அன்று கெடுவுக்குச் சற்று முன் மறுபடி கூப்பிட்டான். அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு முந்தின நாள் விலைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் வங்கி அறிக்கையோடு போய் நின்றேன். ஒரு கம்பெனிப் பத்திரத்தின் வட்டி வந்துவிடும் என்று கணக்கில் சேர்த்திருந்தோம், வங்கியில் வரவேயில்லை.

"அக்கா, இந்த வட்டியக் கணக்குலேர்ந்து எடுத்துடட்டுமா?"

"எடு" என்றாள்.

நான் எடுத்தேன். தம்பியும் எடுத்தான்.

வராத வட்டியை வந்ததாகக் காட்டக் கூடாது. அவள் சொன்னது சரியான வேலை. அன்றைய விலை சரியாகத்தான் போனது. மறுநாள் அந்தக் கம்பெனி கைவிரித்துவிட்டது என்பது உறுதியானது. மதிப்பீட்டு நிறுவனம் பத்திரத்தின் விலையைத் தரைமட்டமாக்கியது, யூனிட் விலையும் சரிந்தது. அந்த விலையையும் அக்காதான் நாலு இலக்கம் பார்த்து அனுப்பினாள்.

உள்விவரம் தெரிந்து சரிவுக்கு முதல் நாள் பணத்தை எடுத்தவர்கள் யார் யார் என்று கண்காணிப்பு அதிகாரி தோண்டினார். ஒருவரின் நாமினி இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அவர் தம்பிக்குப் போன் செய்து, என்ன விஷயம் என்று சொல்லாமல், யாரைக் கேட்டுப் பணத்தை எடுத்தீர்கள் என்று விசாரித்தார். ஏதோ வாடிக்கையாளர் விசாரிப்பு என்று நினைத்துவிட்டான் பாவி.

"எங்க அக்கா எடுன்னு சொன்னா சார். அவ சொன்னா தப்பாது!"

நான் அதிகாரியின் அறைக்குள் போய்க் கத்தினேன். "அது எனக்குச் சொன்னது சார்! வட்டியத்தான் சொன்னாங்க!"

"வட்டி வரலைன்னு தெரிஞ்ச அதே நிமிஷம் தம்பியோட பேசிட்டிருந்தாங்க. அதையும் நீங்கதான் சொல்றீங்க" என்றார் அவர். காப்பாற்றப் போய் அவள் கழுத்தை நானே நெரித்தேன்.

அக்காவை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். "தம்பியக் கூப்பிட்டு, நான் சொல்லலைன்னு எழுதித் தரச் சொல்லுங்க அக்கா" என்று கெஞ்சினேன். "அவன் ஆஸ்பத்திரியில பொண்டாட்டி பக்கத்துல உட்காந்திருக்கான். இப்பப் போய் அவன் தலையில இதப் போடச் சொல்றியா?" என்றாள். இனி எந்த ஃபண்ட் அலுவலகமும் அவளைச் சேர்க்காது. வீட்டிலிருந்து மேசைப் பொருட்களைக் கேட்டு ஆள்கூட அனுப்பவில்லை. நானே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. நான் பையை வைப்பதற்குள் போன் அடித்தது. கையெல்லாம் ஈரம், ஸ்பீக்கரில் போட்டாள். தம்பி.

"அக்கா, அவ எழுந்து நடந்துட்டா! டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னுட்டார். நேத்துதான் அந்த ஃபண்ட் விலையப் பாத்தேன், அய்யோ, பாதாளத்துக்குப் போயிடுச்சு. அன்னிக்கு நீ எடுன்னு சொல்லலைன்னா நாங்க தெருவுல நின்னிருப்போம்க்கா. சொன்னியேக்கா, நீ சொன்னியே!"

நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலமாக அவள் யாரையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

"ஆமாடா, சொன்னேன்" என்றாள்.