முப்பதும் நூற்றைம்பதும்

கண்ணாடிக் கடையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் திமிர் வராமல் இருக்குமா? எனக்கு வந்திருந்தது. ஒரு மத்தியானத்தில் இறங்கியது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் கடைக்கு ஒரு டம்பர் லாரி டிரைவர் வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவர் கண்ணாடியின் ஒரு கை கோணிக்கொண்டு, மடங்காமல் நின்றது.

"டெஸ்ட்டெல்லாம் வேணாங்க. இதே பவர்ல புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா வண்டிய வுட்டு எறக்கிடுவாங்க" என்றார்.

பழையதைப் பவர் அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்தேன். லென்ஸின் உட்பக்கம் மெஷினின் முனையில் படிய வேண்டும். கண்ணாடியின் கைகள் நம்மைவிட்டு அப்பால் நீள வேண்டும். அந்தக் கோணல் கை மெஷினில் இடித்தது. "சனியனே" என்று கண்ணாடியை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டேன். மெஷினுக்குள் தெரியும் கோடுகள் உடையாமல் தெளிவாகும்வரை சக்கரத்தைச் சுழற்றினேன். வலது கண்ணுக்குச் சிலிண்டர் மைனஸ் இரண்டு, அது சாய்ந்து நிற்கிற கோணம், அதாவது ஆக்ஸிஸ், நூற்றைம்பது. எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடை வாசல்வரை நடந்து பார்த்தார்.

"தரை ஒரு பக்கமா சாயுதுங்க. மங்கலாவும் இருக்குது."

"புதுசுன்னா அப்படித்தாங்க. ரெண்டு நாள்ல பழகிடும்."

தலையாட்டினார். பழையதைக் கை சரிபண்ணக் கொடுத்துவிட்டு ஷிப்ட் பஸ் ஏறினார்.

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய விதம் என்னவோ செய்தது. மெஷின்தான் கெட்டிருக்கும் என்று டெஸ்ட் லென்ஸ் பெட்டியை எடுத்தேன். லென்ஸ் வைக்காதபோது பூஜ்யம். பிளஸ் ஐந்து வைத்தால் பிளஸ் ஐந்து, மைனஸ் ஐந்து வைத்தால் மைனஸ் ஐந்து. சிலிண்டர் லென்ஸும் குறித்திருந்த ஆக்ஸிஸையே காட்டியது. மெஷின் மேல் ஒரு குற்றமுமில்லை.

பழைய கண்ணாடியின் கையை நிமிர்த்தி, முறையாக வைத்தேன். பவர் அதேதான். ஆக்ஸிஸ் முப்பது. பாவி, திருப்பி வைத்தால் சாய்வு எதிர்ப்பக்கம் மாறி, முப்பது நூற்றைம்பதாகத்தானே தெரியும்! படிக்கிற பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

போன் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். சுரங்கத்துக்குள் இறங்கியிருப்பார். டம்பரின் இரும்பு ஏணியும், சாய்ந்து தெரியும் அந்தப் படிகளும் கண்ணிலேயே நின்றன. அன்றைக்கு டீகூட இறங்கவில்லை. ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை அவரே வந்தார். இடது கையில் மாவுக்கட்டு.

"ஏணியில ஒரு படி தப்பிடுச்சுங்க. நீங்க பழகும்னு சொன்னீங்க, எனக்குத்தான் பழகல" என்றார். மன்னிப்புக் கேட்பது போலிருந்தது எனக்கு.

"தப்பு உங்க கண்ணுல இல்லைங்க. நான் பவர் பார்த்ததுலதான். ஆக்ஸிஸைத் தப்பா எழுதிட்டேன்."

"அய்யய்யோ, இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றார். "எப்படி வுழுந்தன்னு ஆபீசுல கேட்டாங்க. எனக்குக் கண்ணு சரியில்லன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டனே."